பேசிய நிமிடங்களுக்கே விலை: வீடியோ காலில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி

வீடியோ கால் வழியாக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். பள்ளியிலும் கல்லூரியிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதை ஒரு பாடமாகப் படித்தவர்கள். அலுவலக மின்னஞ்சலைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். நிதானமாக உட்கார்ந்தால் நான்கு வரி பதிலும் எழுதிவிடுவார்கள். அதே விஷயத்தைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்றால் முதல் வாக்கியத்திலேயே நின்றுபோவார்கள். ஐம்பது பேர் இருந்த வகுப்பறையில் ஒருவர் ஆண்டு முழுவதும் வாய்விட்டுப் பேசிய ஆங்கிலத்தைச் சேர்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கேட்பதும் படிப்பதும் போதுமானால் பேச்சு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. கனடாவில் பாடங்களையே பிரெஞ்சில் படித்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின், 1985இல் அதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டுப் பழகிய அந்தக் குழந்தைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பின்தங்கியே இருந்தார்கள். சொல்ல முயன்று, சொல்ல வராமல் திணறும் அந்த நேரத்தில்தான் தனக்கு எது தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரிகிறது என்றார் அவர். இந்தத் தொழிலின் அடிப்படை இதுதான். பயிற்றுநர் விற்பது தன் பேச்சை அல்ல, கற்பவர் பேசுவதற்கான நேரத்தை. அமர்வைத் திட்டமிடுவது, கட்டணம் வைப்பது, பிழை திருத்துவது எல்லாவற்றையும், கற்பவர் எத்தனை நிமிடம் பேசினார் என்ற ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சியை வீட்டிலிருந்தபடி தருபவர்களில் வேலையை விட்ட ஆங்கில ஆசிரியர்கள் உண்டு, கால் சென்டரில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் உண்டு, ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்களும் உண்டு. வேலை நேரம் என்னவோ ஒன்றுதான்: காலை ஆறிலிருந்து எட்டு வரை, இரவு எட்டரையிலிருந்து பத்தரை வரை. இடைப்பட்ட பகலில் கற்பவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். வளைகுடாவில் இருக்கும் தமிழர்களைச் சேர்த்துக்கொண்டால் இரவு நேரம் இன்னும் நீளும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, சவுதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம். சவுதியில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால், நம்மூர் வேலை நாளான வெள்ளிக்கிழமைப் பகலில் அங்கிருந்து ஆள் கிடைப்பார்.

ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் முன் இருபது நிமிட முதல் உரையாடல் ஒன்று அவசியம். இதில் பலர் செய்யும் தவறு, தன்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லி அதை வைத்தே நிலையை முடிவு செய்வது. பெயர், ஊர், படிப்பு, குடும்பம் என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம் நேர்காணலுக்காக மனப்பாடம் செய்தது. கல்லூரி நாளிலிருந்து கூடவே வருவது. தண்ணீர்போல ஓடும் அந்தப் பேச்சு, ‘நேற்று அலுவலகத்தில் என்ன நடந்தது?’ என்று கேட்டதும் நின்றுவிடும். உண்மையான நிலை அங்கிருந்துதான் தெரியத் தொடங்குகிறது. நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்வது இறந்தகால வினைகளைக் காட்டும். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று விளக்கச் சொல்வது வாக்கியங்களைக் கோக்கும் திறனைக் காட்டும். ஒரு கருத்தைச் சொல்லி அதை மறுக்கச் சொன்னால், மொழி போதாத இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது வெளிவரும்: தமிழுக்குத் தாவுகிறாரா, சுற்றிவளைத்தாவது சொல்லிவிடுகிறாரா, மௌனமாகிறாரா.

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறை, கற்பவர்களை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளில் நிறுத்துகிறது. உரையாடல் பயிற்சியால் அதிகப் பயன் பெறுபவர்கள் ஏ2, பி1, பி2 என்ற நடுப்படிகளில் இருப்பவர்கள். ஏ1 நிலையில் இருப்பவரிடம் பேசுவதற்கான சொற்களே இருக்காது. அவரை உரையாடலில் உட்காரவைத்தால் நாற்பத்தைந்து நிமிடமும் பயிற்றுநர்தான் பேசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவரிடம், அடிப்படை வகுப்பு ஒன்றை மூன்று மாதம் முடித்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்புவதே நேர்மை. வரும் பணத்தை விடவேண்டியிருப்பதால் இதைச் சொல்ல மனம் வராது. சொல்லாதவர்களிடம் சேர்ந்தவர்கள் இரண்டாம் மாதம் தாமாகவே நின்றுவிடுகிறார்கள்.

அமர்வு எப்படி நடக்கிறது என்பதை ஓர் ஆளை வைத்துப் பார்ப்பது எளிது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்யும் முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ் வழியில் படித்தவர், பி.காம். வெளிநாட்டு பையர்களோடு மின்னஞ்சல் போக்குவரத்து முழுவதும் அவர் கையில்தான். ஆனால் பையர் நேரடியாக வீடியோ காலில் வந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுவிடுவார். இவருக்கு சுற்றுச்சூழல் மாசு பற்றியோ பிடித்த திரைப்படம் பற்றியோ பேசப் பயிற்சி தேவையில்லை. கருநீலச் சாயம் முதலில் ஒப்புதல் வாங்கிய மாதிரியோடு ஒத்துவரவில்லை, துணியை மறுபடி சாயம் போட வேண்டும், அதனால் தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஒரு வாரம் தாமதமாகத்தான் கிளம்பும் என்பதை பையரிடம் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு முழு அமர்வுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் போன அமர்வில் திருத்திய மூன்று வாக்கியங்களுக்குப் போகும். அவற்றைப் படித்துக் காட்டச் சொல்வதில் பயனில்லை. அவை இயல்பாக வாயில் வரும்படி மூன்று கேள்விகள் கேட்டாலே அவை நின்றனவா என்று தெரிந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அன்றைய சூழலை விளக்கி, யோசிக்க இரண்டு நிமிடம் விட வேண்டும். தாளில் சொற்களைக் குறித்துக்கொள்ளலாம், வாக்கியமாக எழுதக்கூடாது. எழுத அனுமதித்தால் அதைப் பார்த்துப் படித்துவிடுவார்கள். வீடியோவில் கண் கீழே போவதை வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு வருவது அமர்வின் நடுப்பகுதி. நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றிய மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கிய 4-3-2 என்ற முறை இதற்குப் பொருத்தமானது. ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும், பிறகு மூன்று, பிறகு இரண்டு. முதல் தடவை என்ன சொல்வது என்று தேடுவதிலேயே நேரம் போகும். இரண்டாம் தடவை விஷயம் கைவசம் இருப்பதால் கவனம் சொற்களுக்கு மாறும். மூன்றாம் தடவை இடைவெளிகள் குறைந்து வாக்கியங்கள் நீளும். வகுப்பறையில் ஒவ்வொரு தடவையும் புதிய ஒருவரிடம் சொல்வதே இந்த முறையின் வழக்கம்; அதனால்தான் திரும்பச் சொல்வதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. ஒருவருக்கு ஒருவர் என்ற வீடியோ காலில் கேட்பவர் மாறுவதில்லை. ஆகவே பயிற்றுநர் வேடம் மாற வேண்டும். முதல் தடவை அவர் விஷயம் தெரியாத நிறுவன முதலாளி, இரண்டாம் தடவை ஐரோப்பாவில் இருக்கும் பையர், மூன்றாம் தடவை சரக்குக் கப்பலில் இடம் பதிவு செய்யும் ஏஜென்ட். முதலாளிக்குக் காரணம் வேண்டும், பையருக்கு மன்னிப்பும் புதிய தேதியும் வேண்டும், ஏஜென்டுக்குத் தேதி மட்டும் போதும். நேரம் குறைவதற்கும் இதனாலேயே ஒரு நியாயம் வந்துவிடுகிறது.

இதற்குப் பன்னிரண்டு நிமிடம் வரை ஆகும். அடுத்த பன்னிரண்டு நிமிடம் பயிற்றுநர் பையராகவே இருந்து, எதிர்பாராத கேள்விகளைக் கேட்பார். பாதிச் சரக்கையாவது விமானத்தில் அனுப்ப முடியுமா, அந்தச் செலவை யார் ஏற்பது, தள்ளுபடி எவ்வளவு தருவீர்கள், ஏன் இதை முன்பே சொல்லவில்லை. கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் காணாமல் போகும். பதற்றத்தில் என்ன ஆகிறது என்பதைப் பாதுகாப்பான இடத்தில் பார்த்துவிடுவதற்காகவே அந்தக் கேள்வி. மீதியுள்ள நேரத்தில் எட்டு நிமிடம் திருத்தத்துக்கும், மூன்று நிமிடம் மிகவும் தடுமாறிய பகுதியை மறுபடி பேசிப் பார்ப்பதற்கும் போகும். கூட்டிப் பார்த்தால் கற்பவர் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் பேசியிருப்பார். அமர்வின் பாதிக்கு மேல் அவர் குரல் கேட்கவில்லை என்றால் திட்டம் தவறிவிட்டது என்று பொருள்.

தவறுவது பெரும்பாலும் பயிற்றுநரின் பொறுமையின்மையால்தான். இணைய இணைப்பில் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேரச் சிறிது தாமதம் உண்டு. அதோடு, கற்பவர் தமிழில் நினைத்ததை ஆங்கிலமாக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். நேரில் உட்கார்ந்திருந்தால், எதிரில் இருப்பவர் வாய் திறக்கப்போவதை உடலசைவு காட்டிவிடும். திரையில் அது தெரியாது. மூன்று விநாடி மௌனம் லைன் கட்டானதுபோலத் தோன்றும். உடனே பயிற்றுநர் வாக்கியத்தைத் தானே முடித்து வைத்துவிடுவார். இதைப் பத்து தடவை செய்தால் கற்பவர் பாதி வாக்கியம் சொல்லி நிறுத்துவதையே பழக்கமாக்கிக்கொள்வார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, அப்போதும் வராவிட்டால் வேண்டிய ஒரே ஒரு சொல்லை சாட் பெட்டியில் எழுதிக் காட்டுவது நல்ல வழக்கம். குரலால் குறுக்கிட்டால் பேச்சு உடைந்துவிடும். எழுத்தால் சொன்னால் ஓட்டம் கெடாது. தமிழ்ச் சொல் ஒன்றை இடையில் போட்டுவிட்டுத் தொடர்ந்து பேசவும் அனுமதிக்கலாம். தமிழ் தெரிந்த பயிற்றுநருக்கு வெளிநாட்டு பயிற்றுநரைவிட மேலான இடம் இதுதான்: கற்பவர் சொல்ல வந்தது என்ன என்று அவருக்குப் புரியும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்தைவிடக் குரல் முக்கியம். மைக் உள்ள ஹெட்போன் இரு பக்கமும் இருந்தால் எதிரொலி வராது. ஜூம் செயலியின் இலவசக் கணக்கில் அழைப்பு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தம் தொடங்கும் நேரத்தில் திரை அணைந்துபோவதைத் தவிர்க்க, கூகுள் மீட்டைப் பயன்படுத்துவார்கள், அல்லது அமர்வையே நாற்பது நிமிடமாக வைத்துக்கொள்வார்கள். இணைப்பு மந்தமானால் இருவரும் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் தொடரலாம். வீட்டில் மனைவியோ கணவனோ பிள்ளைகளோ கேட்டுச் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தில் மொட்டை மாடியிலிருந்தும் நிறுத்திவைத்த காரிலிருந்தும் பேசுபவர்கள் உண்டு. அங்கே சிக்னல் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

திருத்தம் என்பது இந்தத் தொழிலில் மிக நுட்பமான பகுதி. கற்பவர் ஒரு பிழையோடு சொன்னதைப் பயிற்றுநர் சரியான வடிவத்தில் திரும்பச் சொல்லிவிட்டு மேலே போவது எல்லோரும் செய்வது. மென்மையானது, யாரையும் புண்படுத்தாது. ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று கண்டார்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாணவரிடமிருந்து எந்த எதிர்வினையும் இல்லை. ஆசிரியர் தன்னைத் திருத்தினார் என்பதையே அவர்கள் உணராமல், தான் சொன்னதை ஆமோதிப்பதாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அது குழந்தைகளிடம் செய்த ஆய்வு. பெரியவர்கள் அப்படியே நடந்துகொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீடியோ காலில், பேச்சு வேகத்தில், காதில் விழுந்த திருத்தம் நழுவிப்போவதை எந்தப் பயிற்றுநரும் பார்த்திருப்பார். கற்பவர் தானே சரியானதைக் கண்டுபிடிக்கும்படி தூண்டுவது மெதுவாக நடந்தாலும் நிலைக்கிறது.

எனவே பேசும்போது குறுக்கிடாமல், அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொள்வதே முறை. திருப்பூர் மெர்ச்சண்டைசரின் அமர்வு முடிவில் தாளில் இருபது பிழைகள் இருக்கலாம். இருபதையும் நீட்டினால் அவர் அடுத்த தடவை வாயைத் திறக்கவே யோசிப்பார். மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் அவர் வேலையைக் கெடுக்கக்கூடிய மூன்றை.

முதலாவது, அவர் பையரிடம் ‘வீ வுட் ஷிப் ஆன் தி ட்வென்டியத்’ என்றது. மரியாதைக்காக ‘வில்’லுக்குப் பதில் ‘வுட்’ போடுவது நம் நாட்டில் பரவலான வழக்கம். ஆனால் ஐரோப்பியக் காதில் அது உறுதிமொழியாக விழாது. ‘அனுப்புவோம், ஆனால்...’ என்று ஏதோ நிபந்தனை பின்னால் வருவதாகத் தோன்றும். இரண்டாவது, ‘ஐ ஹேவ் எ டவுட்’. கேள்வி இருக்கிறது என்ற பொருளில் அவர் சொன்னதை, பையர் தன்மேல் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்டின்’ என்றால் போதும். மூன்றாவது உச்சரிப்பு. அவர் வாயில் பதினைந்தும் ஐம்பதும் ஒரே மாதிரி ஒலித்தன. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும், ‘ஃபிஃப்டி’யில் முதல் அசையில். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் இந்த வேறுபாடு நம் காதுக்கே பிடிபடாது. அட்டைப் பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் இது பண விவகாரம். ஐம்பது என்று சொன்ன பிறகு ‘ஃபைவ் ஸீரோ’ என்று ஒரு தடவை சேர்த்துச் சொல்லப் பழக்குவது உச்சரிப்புப் பயிற்சியைவிட விரைவாகப் பலன் தரும்.

‘எ’, ‘தி’ விடுபட்டதும், ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றதும், ‘ஐ ஆம் ஹேவிங் டூ சாம்பிள்ஸ்’ என்றதும் அன்று தாளிலேயே இருக்கட்டும். ‘தி’ விடுபட்டதால் எந்தக் கப்பலும் துறைமுகத்தில் நின்றதில்லை. அதே பிழை நான்கு அமர்வுகளில் தொடர்ந்து தாளில் வந்தால் அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

திருத்தம் சொல்லும்போது பிழையான வாக்கியத்தைத் திரையில் எழுதிக் காட்டி, ‘இதை பையர் எப்படி எடுத்துக்கொள்வார்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாதி சமயம் அவரே சொல்லிவிடுவார். அமர்வு முடிந்த அன்றைக்கே மூன்று வரிகள் கொண்ட குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்: சொன்னது, சொல்ல வேண்டியது, இரண்டும். அதற்குப் பதிலாக அந்த மூன்றையும் பயன்படுத்தி ஒரு நிமிடக் குரல் பதிவை அவர் அடுத்த அமர்வுக்கு முன் அனுப்பினால், காசில்லாமல் இன்னொரு பயிற்சி கிடைக்கும். நீளமான பாராட்டுரையும் பத்து மதிப்பெண்ணுக்கு எத்தனை என்ற கணக்கும் தருபவர்கள் உண்டு. அவற்றால் தீங்கில்லை, ஆனால் அடுத்த நாள் காலையில் வாயில் நிற்பது அந்த மூன்று வரிகள்தான்.

முன்னேற்றத்தை அளக்க மாதம் ஒரு பதிவு போதும். சேர்ந்த முதல் வாரத்தில், கற்பவரின் சம்மதத்தோடு, ‘உங்கள் வேலையை விளக்குங்கள்’ என்று சொல்லி இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்த மாதம் அதே தலைப்பு, அதே இரண்டு நிமிடம். எத்தனை சொற்கள் வந்தன, மூன்று விநாடிக்கு மேல் எத்தனை இடத்தில் நின்றார், தன் பிழையைத் தானே எத்தனை தடவை திருத்திக்கொண்டார் என்று எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது எண்ணிக்கை முதல் இரண்டு மாதங்களில் கூடுவது நல்ல அறிகுறி. அது கூடும்போது வேகம் சற்றுக் குறைந்தாலும் கவலைப்பட வேண்டாம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வைப்பது எந்தச் சான்றிதழைவிடவும் கற்பவரை நம்பவைக்கும்.

கட்டணத்தில் பயிற்றுநர்கள் செய்யும் பிழை, நாற்பத்தைந்து நிமிட வேலைக்கு விலை வைப்பது. உண்மையில் ஓர் அமர்வுக்குப் பின்னால் பத்து நிமிடத் தயாரிப்பு உண்டு, குறிப்பு எழுதப் பத்து நிமிடம், நேரம் மாற்றுவது பற்றிய செய்திகளுக்கும் குரல் பதிவைக் கேட்பதற்கும் ஐந்து நிமிடம். ஆக எழுபது நிமிடம். ஓர் அமர்வுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் நிலைமை தெளிவாகும். நாளைக்கு நான்கு அமர்வுகள், மாதம் 22 நாள் என்றால் 88 அமர்வுகள். அவற்றில் பத்தில் ஒன்று எப்படியும் விட்டுப்போகும். மீதி 79 அமர்வுகளுக்கு 31,600 ரூபாய் வரும். இணையக் கட்டணம், மின்தடைக்கு இன்வெர்ட்டர், செயலிக் கட்டணம், தேய்மானம் எல்லாவற்றுக்கும் 3,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 28,600. 88 அமர்வுகளுக்கும் ஒதுக்கிய நேரம் ஏறக்குறைய 103 மணி. மணிக்கு 280 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 400 ரூபாய் என்று பலகை போட்டவருக்குக் கிடைப்பது இவ்வளவே. 250 ரூபாய்க்கு இறங்கிப் போட்டி போடுபவர் குறிப்பு எழுதுவதை முதலில் கைவிடுவார், தயாரிப்பை அடுத்து. மூன்றாம் மாதம் அது வெறும் அரட்டையாகிவிடும்.

மறுபக்கம், 400 ரூபாய் என்றதும் கற்பவர் மனதில் எழும் கேள்வி, பக்கத்துத் தெருப் பயிற்சி நிலையத்தில் இதைவிடக் குறைவாயிற்றே என்பது. பேசும் நிமிடக் கணக்கில் அதற்குப் பதில் இருக்கிறது. பத்துப் பேர் உள்ள ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால், மீதி நாற்பதில் ஆளுக்கு நான்கு நிமிடம். ஒரு வகுப்புக்கு 80 ரூபாய் என்றால் பேசிய ஒரு நிமிடத்துக்கு 20 ரூபாய் ஆகிறது. தனி அமர்வில் 25 நிமிடத்துக்கு 400 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 16. இருவர் சேர்ந்து வந்து, ஒரு மணி நேர அமர்வில் ஆளுக்கு இருபது நிமிடம் பேசி, ஆளுக்கு 280 ரூபாய் கொடுத்தால் நிமிடத்துக்கு 14. பயிற்றுநருக்கும் அந்த மணி நேரத்தில் 560 ரூபாய் கிடைக்கும். இருவர் அமர்வு இரண்டு பேருக்கும் லாபம் என்பது கணக்கு. ஆனால் இருவரின் நிலையும் நெருங்கியிருக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும். ஒரே அலுவலகத்துச் சக ஊழியர்களைச் சேர்த்துவைத்தால் கூச்சம் இரட்டிப்பாகும். முன்பின் தெரியாத இருவர் மேல்.

பணத்தை மாத ஆரம்பத்திலேயே எட்டு அமர்வுகளுக்குச் சேர்த்து வாங்கிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஒவ்வொரு அமர்வுக்கும் யூபிஐயில் தனித்தனியாக வாங்கினால், வேலைப்பளு வந்த வாரம் கற்பவர் சொல்லாமலே நழுவிவிடுவார். எட்டு அமர்வுகளை ஆறு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று சலுகை தர வேண்டும், ஏனென்றால் திருப்பூர்காரருக்கு ஏற்றுமதி நெருக்கடி வரும், கணக்காளருக்கு மார்ச் வரும், எல்லோருக்கும் தீபாவளியும் பொங்கலும் வரும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் சொன்னால் அமர்வை மாற்றிக்கொள்ளலாம், அதற்குள் என்றால் கழிந்ததாகக் கணக்கு. இந்த விதியைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். பயிற்றுநர் பக்கம் மின்சாரமோ இணையமோ போனால் அதே விதி திருப்பியும் பொருந்த வேண்டும்: அந்த அமர்வு இலவசமாக மறுபடி நடக்கும். முதல் இருபது நிமிட உரையாடலை இலவசமாகத் தருவதைவிட 100 ரூபாயாவது வாங்குவது நல்லது. இலவசம் என்றால் வேடிக்கை பார்க்க வருபவர்களாலேயே இரவு நேரம் நிரம்பிவிடும்.

மூன்று நான்கு மாதம் கழித்து வரும் சிக்கல் வேறு வகையானது. கற்பவர் பயிற்றுநரோடு சரளமாகப் பேசுவார், சிரிப்பார், குடும்பக் கதை சொல்வார். பையர் வந்தால் பழையபடி மேனேஜரைக் கூப்பிடுவார். இருவரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் பழகிவிட்டதன் விளைவு இது. கற்பவர் பாதி சொன்னதும் பயிற்றுநருக்குப் புரிந்துவிடுகிறது. பயிற்றுநரும் தெரியாமலேயே வேகத்தைக் குறைத்து எளிய சொற்களுக்கு இறங்கியிருப்பார். ‘மறுபடி சொல்லுங்கள்’, ‘அதற்கு என்ன பொருள்?’ என்று கற்பவர் கேட்பதே நின்றுபோயிருந்தால் இந்த நிலை வந்துவிட்டது என்று அறியலாம். திருத்தக் குறிப்பில் ஒரே மூன்று பிழைகள் நான்கு வாரமாக மாறாமல் இருப்பது இன்னோர் அடையாளம்.

இதற்கு ஒரு வழி, மாதத்தில் ஓர் அமர்வை வேறொரு பயிற்றுநரிடம் மாற்றிவிடுவது. இரண்டு மூன்று பேர் ஆளைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டால் யாருக்கும் பண நஷ்டம் இல்லை. இன்னொரு வழி, வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுவது. முகமும் கையசைவும் போய்விட்டால் சொற்கள்தான் வேலை செய்ய வேண்டும். திருப்பூரின் பையர்கள் எல்லோரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அல்லர். ஸ்பெயின்காரரும் ஜெர்மானியரும் பேசும் ஆங்கிலப் பேட்டிகளின் சிறு பகுதிகளைக் கேட்கவைத்து, அதற்குப் பதில் சொல்லச் சொன்னால் காது அதற்கும் பழகும். லண்டன் உச்சரிப்பை மட்டுமே கேட்டுப் பழகியவர், மட்ரிட்டிலிருந்து வரும் அழைப்பில் முதல் நிமிடம் ஒன்றுமே பிடிபடாமல் விழிப்பார்.

மெர்ச்சண்டைசர் ஒரு நாள் மேனேஜரைக் கூப்பிடாமல் தானே பையரிடம் பேசி முடித்துவிட்டு வந்தால், வாரம் இரண்டு அமர்வு என்பதைப் பதினைந்து நாளுக்கு ஒன்றாகக் குறைக்கும் யோசனையைப் பயிற்றுநரே முன்வைக்க வேண்டும். அந்த அமர்வுக்குத் திட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு வாரத்தில் நடந்த உண்மையான அழைப்புகளில் எங்கே தடுமாறினார் என்று அவர் குறித்துக்கொண்டு வருவார், அதை வைத்தே பேச்சு நடக்கும். தனி அமர்வுக் கட்டணம் 400 என்றால் இதற்கு 500 வாங்குவது வழக்கம், ஏனெனில் மாதப் பணம் முன்கூட்டி வராது, அதற்கென ஒரு நேரத்தைக் காலியாக வைத்திருக்கவும் வேண்டும். காலியாகும் மற்ற நேரங்கள், அவர் அனுப்பி வைக்கும் சக ஊழியர்களாலேயே பெரும்பாலும் நிரம்பிவிடும்.